எட்டாம் பக்கத்தின் இரண்டாவது மேடு

"நான் முப்பது வருஷமாக ஏரி மீன்களின் குடலை ஆராய்கிறேன். குடிநீர்க் குழாயைப் பற்றி ஒரு வரிகூட எழுதியதில்லை. இந்தக் கடிதம் எனக்குத்தான் வந்திருக்கிறதா?"

இப்படி ஒரு பதில் வந்தால் யாருக்குத்தான் மானம் போகாது? அவளுக்குப் போச்சு. குடிநீர் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் பதினொரு வருஷமாக டெக்னீஷியன். வயசு முப்பத்தாறு. தெருவில் அவளுக்குக் 'குளோரினக்கா' என்று பேர். கையில் சின்னப் பெட்டியோடு எந்தக் குழாயைக் கண்டாலும் குனிந்து தண்ணீர் பிடிப்பாள், மாத்திரை போட்டுக் குலுக்குவாள், ரோஸ் நிறம் வந்தால் சிரிப்பாள், வராவிட்டால் முகம் தொங்கிப் போகும். ரோஸ் வந்தால் தண்ணீரில் குளோரின் இருக்கிறது, கிருமிக்கு இடமில்லை. அவ்வளவுதான் விஷயம். அதுக்கு ஒரு பேர் வைத்துவிட்டார்கள்.

மீன்காரப் பேராசிரியருக்கு அந்தக் கடிதம் போனது அவள் தப்பில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் வழி காட்டியது கொழுந்தன். கணவனின் தம்பி, வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் அனுப்பும் அலுவலகத்தில் வேலை. "அண்ணி, இதெல்லாம் ஒரு கணக்கு. இருநூறு பேருக்கு அனுப்பினா நாலு பேரு பதில் போடுவான், ஒருத்தன் எடுத்துப்பான்" என்று அடித்துச் சொன்னான். ஒரு மாதிரிக் கடிதமும் கொடுத்தான். 'பெருமதிப்பிற்குரிய ஐயா, தங்களது உயர்ந்த ஆராய்ச்சியால் பெரிதும் ஈர்க்கப்பட்டேன்' என்று ஆரம்பிக்கும். நடுவில் ஒரு காலியிடம். அதில் அவரவர் துறையைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

நூற்று நாற்பத்து மூன்று பேருக்கு அனுப்பினாள். நாலைந்து பேருக்குக் காலியிடத்தை நிரப்பவே மறந்துபோனாள். பதில் வந்தது இரண்டே இரண்டு. ஒன்று இந்த மீன். இன்னொன்று, "நான் ஐயா இல்லை, அம்மா" என்று ஒரே வரி.

"சரி விடுங்க அண்ணி, இன்னும் அம்பத்தேழு பேரு பாக்கி இருக்கே" என்றான் கொழுந்தன்.

"பாக்கியும் வேணாம் பட்டாணியும் வேணாம். நான் படிக்காத ஆளுக்கு இனிமே ஒரு எழுத்து எழுத மாட்டேன்" என்றாள்.

எம்.எஸ்ஸி முடித்த வருஷமே மேலே படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவள் அவள். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது, வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது, வருஷம் ஓடியது. யாரும் அவளைத் தடுக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை, அதுதான் அவளுக்குக் கோபம். இந்த வருஷம் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். முனைவர் பட்டத்துக்கு இடம் கிடைக்கிறதோ இல்லையோ, ஒரு நல்ல ஆள் தன் கேள்வியைப் படித்துவிட்டு 'ஆமாம்' அல்லது 'இல்லை' என்று சொல்ல வேண்டும். மீன் என்று சொல்லக் கூடாது.

அப்படித்தான் படிக்க ஆரம்பித்தாள். கூடத்தில் மதியம் சாப்பாடு முடிந்து மற்றவர்கள் போனை நோண்டும் அரை மணி நேரத்தில், இணையத்தில் இலவசமாகக் கிடைத்த கட்டுரைகளை ஒவ்வொன்றாக. பத்தொன்பதாவது கட்டுரையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

எங்கேயோ கடல் தாண்டி ஒரு பேராசிரியை. மூன்று நாளைக்கு ஒரு தரம் தண்ணீர் விடும் ஊர்களில், காலியாகக் கிடந்த குழாயில் தண்ணீர் திரும்ப வரும்போது என்ன நடக்கிறது என்பதுதான் அவருக்கு ஆராய்ச்சி. அட, இவள் தெருவும் மூன்று நாளைக்கு ஒரு தரம்தான்! வீடுகளின் குழாயடியில் நின்று, தண்ணீர் வந்த முதல் நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரைக்கும் மாதிரி எடுத்துக் கோடு வரைந்திருந்தார்கள். முதல் சில நிமிடம் கலங்கல் உச்சத்தில், பிறகு சரசரவென்று இறக்கம். குழாய்க்குள் ஒட்டிக் கிடந்த அழுக்கு அடித்துக்கொண்டு வருகிறது, யாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் எட்டாம் பக்கத்துப் படத்தில், இருபதாவது நிமிடத்துக்குப் பக்கத்தில், கோடு மறுபடியும் சின்னதாக ஒரு மேடு ஏறி இறங்கியது. குளோரினும் அங்கே குறைந்திருந்தது. அதைப் பற்றிக் கட்டுரையில் ஒன்றரை வரி: காரணம் தெளிவாக இல்லை, மாதிரி எடுத்ததில் பிழை இருக்கலாம்.

"பிழையாவது கத்திரிக்காயாவது!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அவளுக்கு அந்த மேடு தெரியும். அந்த மேட்டிலேயே குடியிருக்கிறவள் அவள். தண்ணீர் வந்ததும் அவள் தெருவில் யாரும் பிடிக்க மாட்டார்கள். செம்மண் நிறத்தில் வரும் முதல் தண்ணீரைச் சாக்கடையில் விடுவார்கள். கால் மணி, இருபது நிமிடம் ஆனதும் யாராவது ஒருத்தர் "தெளிஞ்சிருச்சு!" என்று குரல் கொடுப்பார்கள். உடனே பதினாலு வீட்டிலும் மோட்டார் ஓடும். குழாயிலேயே நேராகப் பொருத்தி உறிஞ்சும் மோட்டார். சட்டப்படி கூடாது, எல்லார் வீட்டிலும் உண்டு. பதினாலு மோட்டார் ஒன்றாக உறிஞ்சினால் குழாயில் அழுத்தம் எங்கே இருக்கும்? இணைப்புக்கு இணைப்பு விரிசல். வெளியே ஊறிக் கிடக்கும் சாக்கடைத் தண்ணீர் உள்ளே போகாமல் என்ன செய்யும்?

இதை அவள் இரண்டு வருஷத்துக்கு முன்பே கூடத்துப் பதிவேட்டில் எழுதியிருந்தாள். தலைமை வேதியியலர் அதன் பக்கத்தில் 'பார்வையிடப்பட்டது' என்று கையெழுத்துப் போட்டிருந்தார். பார்த்தார், அத்தோடு சரி.

மறுநாள் அவர் அறைக்குப் போய்க் கட்டுரையைக் காட்டினாள். மனுஷன் நல்லவர்தான், பயந்தவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏம்மா, அவங்க எங்க, நாம எங்க? நீ பாட்டிலில தண்ணி பிடிக்கிற ஆளு. அவங்க தப்புன்னு அவங்களுக்கே எழுதுவியா?"

"தப்புன்னு எழுதலை சார். அவங்களே தெரியலைன்னுதான் போட்டிருக்காங்க. எனக்குத் தெரியும்னு எழுதப் போறேன்."

"நம்ம ரீடிங் ஒண்ணுகூட வெளிய போகக் கூடாது. ஊர் தண்ணியில சாக்கடை கலக்குதுன்னு வெளிநாட்டுக்கு எழுதி, நாளைக்கு யாராவது என் கழுத்தைப் பிடிச்சா?"

"ஆபீஸ் ரீடிங் எனக்கு வேணாம் சார். என் வீட்டுக் குழாய், என் நேரம், என் நோட்டு. ஊர் பேரும் போட மாட்டேன். அதுக்குத் தடைன்னு ஏதாவது விதி இருந்தா காட்டுங்க."

அவர் அலமாரியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். அப்படி விதி எதுவும் அங்கே இல்லை.

கணவன் லேத் பட்டறைக்காரன், அதிகம் பேசாதவன். விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான். "மோட்டார்தான் காரணம்னு நீ சொல்ற. மோட்டார் போடாத அன்னைக்கு மேடு வராம இருந்திருக்கா? பாத்திருக்கியா?"

மோட்டார் போடாத நாள் என்று ஒன்று அந்தத் தெரு வரலாற்றிலேயே கிடையாதே!

"இல்லைங்க."

"அப்ப அந்த அம்மாவும் இதைத்தானே கேக்கும்?"

இதைவிட நல்ல கேள்வியை எந்தப் பேராசிரியரும் கேட்டிருக்க முடியாது. அன்று சாயங்காலமே தெருவில் இறங்கினாள். அடுத்த தண்ணீர் நாளில் ஒரே ஒரு மணி நேரம் யாரும் மோட்டார் போடக் கூடாது, அதுதான் வேண்டுதல். சொல்லும்போது சுலபம். வாரியத்தில் வேலை பார்க்கிறவள் வாசலில் வந்து மோட்டாரைப் பற்றிப் பேசினால் எவள் ஒத்துக்கொள்வாள்?

"மோட்டாரா? எங்க வீட்டுலயா?" என்றாள் எதிர்வீட்டுத் தையல்காரி, மோட்டார் மேலேயே சாய்ந்துகொண்டு.

"அக்கா, நான் புடிச்சுக் குடுக்க வரலை. எங்க வீட்டுலயும் இருக்கு, வந்து பாரு. ஒரு மணி நேரம் பொறு, அப்புறம் நானே வந்து உன் தொட்டியை ரொப்பித் தர்றேன்."

"எதுக்குடி இதெல்லாம்?"

"படிக்கப் போறேன்க்கா."

தையல்காரி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "இந்த வயசுலயா? போ, போ. போட மாட்டேன், போ." அது சம்மதம்தான்.

அவள் வீட்டையும் சேர்த்துப் பதின்மூன்று வீடு ஒப்புக்கொண்டது. பதினாலாவது, தெரு முனை வீட்டு ரிட்டயர்டு பஸ் டிரைவர். குரலுக்காக எல்லாரும் 'ஹாரன்' என்பார்கள். அவரும் "சரி சரி" என்றார், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

தண்ணீர் நாள் காலை ஐந்தே முக்கால். அவள் வீட்டுக் குழாயில் கணவன் பட்டறையிலிருந்து கொண்டுவந்த அழுத்தமானியைப் பொருத்தியிருந்தான். பூஜ்யத்துக்கு மேலே அழுத்தம், கீழே உறிஞ்சல், இரண்டையும் காட்டும் முள். கலங்கல் பார்க்க ஒரு நீளக் கண்ணாடிக் குழாய், அதுவும் அவன் செய்ததே. அடியில் கறுப்புக் குறி. மேலிருந்து பார்த்துக்கொண்டே தண்ணீர் ஊற்ற வேண்டும், குறி எந்த உயரத்தில் மறைகிறதோ அதுதான் கலங்கல் அளவு. கூடத்து மீட்டரோடு ஒப்பிட்டு அவளே கோடு போட்டிருந்தாள். அதுக்கு மட்டும் தலைமை வேதியியலர் அனுமதி தந்தார், சிரித்துக்கொண்டே.

தண்ணீர் வந்தது. இரண்டாவது நிமிடம் செம்மண். பத்தாவது நிமிடம் தெளிவு, மாத்திரை போட்டால் நல்ல ரோஸ். இருபது. இருபத்தைந்து. தெரு கப்சிப். முள் அசையவில்லை, தண்ணீர் கலங்கவில்லை, ரோஸ் அப்படியே. முப்பது. மேடு வரவில்லை! கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் நோட்டில் நேரம் எழுதிக்கொண்டே தலையாட்டினான்.

முப்பத்து நாலாவது நிமிடம் தெரு முனையில் 'டர்ர்ர்' என்றது. முள் சரிந்தது.

"அந்தாளு போட்டுட்டாரு!" என்று தையல்காரி கத்தினாள். "அவரு போட்டா நாங்க மட்டும் என்ன இளிச்சவாயங்களா?" அடுத்த நிமிடம் மற்ற பன்னிரண்டு வீட்டு மோட்டாரும் உறுமின. முள் பூஜ்யத்துக்குக் கீழே போய் நின்றது. குழாயில் சொட்டுகூட வரவில்லை, கணவன் எழுந்து தங்கள் மோட்டாரையும் போட்டான்.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பாவி மனுஷன், இன்னும் இருபத்தாறு நிமிடம் பொறுக்கக் கூடாதா! பெட்டியைத் தூக்கி எறியலாம் போலிருந்தது. கை மட்டும் பதினொரு வருஷப் பழக்கத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டே இருந்தது. முப்பத்தொன்பதாவது நிமிடம் கண்ணாடிக் குழாயில் ஊற்றினாள். குறி பாதியிலேயே மறைந்தது. மாத்திரை போட்டாள். ரோஸ் வரவே இல்லை.

"என்னங்க," என்றாள் மெதுவாக. "வழக்கமா மேடு இருபதுல வரும். இன்னைக்கு முப்பத்தொம்பதுல வந்திருக்கு."

"அவரு முப்பத்து நாலுல போட்டாரு."

"மேடு கடிகாரத்தைப் பாத்து வரலைங்க. மோட்டாரைப் பாத்து வருது!"

எழுந்து நின்று சிரித்தாள். ஈரக் கையோடு அவன் தோளில் ஒரு அடி வைத்தாள். தான் போட்ட திட்டம் ஒழுங்காக நடந்திருந்தால் மேடு வராததை மட்டும்தான் காட்டியிருக்க முடியும். அதை வரவழைத்துக் காட்டியது ஹாரன்.

பிறகு நாலு நாள் கடிதம். ஒரே ஒரு ஆளுக்கு, ஒரே ஒரு கடிதம். தலைப்பு வரியிலேயே விஷயம்: எட்டாம் பக்கத்து இரண்டாவது மேடு பற்றியும், ஆராய்ச்சி மாணவர் இடம் பற்றியும். 'பெருமதிப்பிற்குரிய' கிடையாது. பேராசிரியர் என்று போட்டு அவர் குடும்பப் பெயர், எழுத்துக்கூட்டி மூன்று தரம் சரிபார்த்தது. முதல் பத்தியில் அந்த ஒன்றரை வரி. இரண்டாம் பத்தியில் தன் தெருவில் கண்டது, அன்றைய காலைக் கணக்கு. வீட்டு எண் எதுவும் இல்லை. நாலாம் பத்தியில் படிப்பு, வேலை, இது தன் சொந்தப் பொறுப்பில் எழுதுவது என்ற குறிப்பு, பிறகு கேள்வி: அடுத்த ஆண்டு மாணவர் எடுக்கிறீர்களா, உதவித்தொகையோடு இடம் உண்டா, இந்தக் கேள்வி உங்கள் திட்டத்தில் பொருந்துமா? இணைப்பாக ஒரு பக்கத்தில் கோட்டுப் படம், இரண்டு பக்கத்தில் தன்விவரம்.

கொழுந்தன் படித்துவிட்டு மூன்றாம் பத்தியில் விரலை வைத்தான். அதில் அவள் எழுதியிருந்தது இது: 'மோட்டார் ஓடும்போது தண்ணீரின் வேகமும் கூடுகிறது. அந்த வேகத்தில் குழாய்க்குள் ஒட்டிய அழுக்கே பெயர்ந்து வந்திருக்கலாம். வெளித் தண்ணீர் உள்ளே புகுந்தது என்று நான் இன்னும் நிரூபிக்கவில்லை. நீரின் மின்கடத்தும் திறனைக் கூடவே அளந்தால் பிரித்துப் பார்க்கலாம். சாக்கடை நீர் புகுந்தால் அது கூடும், அழுக்கு மட்டும் பெயர்ந்தால் அவ்வளவாக மாறாது. என்னிடம் இருப்பது ஒரு தெரு, ஒரு காலை.'

"அண்ணி, உங்களுக்கு என்ன தெரியாதுன்னு நீங்களே எழுதிக் குடுப்பீங்களா? இது வேலைக்கு ஆகாது. நான் ஆறு வருஷமா இதே தொழில்ல இருக்கேன்."

"ஆறு வருஷத்துல எத்தனை பேரு உன் கடுதாசியால போயிருக்கான்?"

"அது... மூணு பேரு."

"அப்ப இந்தப் பத்தி இருக்கட்டும்."

"பிடிவாதம் அண்ணி உங்களுக்கு."

"ஆமா. முப்பத்தாறு வருஷம் இல்லாம இருந்துச்சு. இப்பதான் வந்திருக்கு, உனக்கு என்ன கஷ்டம்?"

அனுப்பினாள். கிணற்றில் போட்ட கல். ஒரு வாரம், பத்து நாள். கூடத்தில் தலைமை வேதியியலர் "என்னம்மா, வெளிநாடு என்ன சொல்லுது?" என்று கேட்பார். "யோசிக்குது சார்" என்பாள். உள்ளுக்குள் எரிந்தது. பதினைந்தாம் நாள், முந்தைய கடிதத்துக்குக் கீழேயே மூன்று வரி எழுதினாள்: உங்களுக்கு வேலை அதிகம் என்று தெரியும், என் கேள்வி இன்னும் நிற்கிறது, இடம் இல்லையென்றால் அதைச் சொன்னாலும் போதும். கெஞ்சல் ஒரு சொட்டு இல்லை.

இரண்டாம் நாள், சாப்பாட்டு நேரத்தில் பதில் வந்தது. கை கழுவாமலே படித்தாள்.

'தாமதத்துக்கு மன்னிக்கவும். அந்த மேடு பிழை என்று எழுதச் சொன்னது நான்தான், என் மாணவி அப்போதே ஒப்புக்கொள்ளவில்லை. உங்கள் இரண்டாம் பத்தியைப் படித்ததும் தண்ணீரின் வேகத்தைச் சொல்லி மறுக்க நினைத்தேன். மூன்றாம் பத்தியில் நீங்களே எனக்கு முன்னால் போய் நின்றுகொண்டிருந்தீர்கள். அடுத்த ஆண்டு உதவித்தொகையோடு ஒரே ஒரு இடம் இருக்கிறது. பொதுப் போட்டி, குழுதான் முடிவு செய்யும், நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் நீங்கள் விண்ணப்பிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். இரண்டு பேரின் பரிந்துரைக் கடிதம் தேவைப்படும். வியாழக்கிழமை அரை மணி நேரம் பேசலாமா?'

மூன்று தரம் படித்தாள். பிறகு நேராகத் தலைமை வேதியியலர் அறைக்குப் போய் போனை அவர் முன்னால் வைத்தாள். அவர் கண்ணாடியைத் துடைக்காமலே படித்தார்.

"பரிந்துரை யாரும்மா குடுப்பாங்க?"

"ஒண்ணு என் எம்.எஸ்ஸி வாத்தியார். இன்னொண்ணு நீங்க சார். ரெண்டு வருஷம் முன்னாடி நான் எழுதினதைப் பாத்தேன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே. அதையே எழுதுங்க."

அவர் அலமாரியிலிருந்து அந்தப் பதிவேட்டை எடுத்துப் புரட்டினார். "எழுதுறேன்" என்றார் கடைசியில்.

கடிதத்தின் அடியில் பேராசிரியை ஒரு கேள்வியும் கேட்டிருந்தார். 'முப்பத்து நாலாவது நிமிடத்தில் முதலில் மோட்டாரைப் போட்டவர் ஏன் போட்டார்? நாங்கள் ஆறு ஊரில் வேலை செய்தோம். இவ்வளவு பயனுள்ள காரியத்தை எங்களுக்கு யாரும் செய்யவில்லை.'

சாயங்காலம் தெரு முனை வீட்டுக் கதவைத் தட்டினாள். ஹாரன் சண்டைக்குத் தயாராக வெளியே வந்தார்.

"அண்ணே, வெளிநாட்டுல ஒரு பேராசிரியை கேக்குறாங்க. அன்னைக்கு ஏன் மோட்டார் போட்டீங்க?"

"என் வீடு, என் தொட்டி, என் மோட்டார்!" தெருவே திரும்பிப் பார்த்தது. "நான் எவனைக் கேட்டுப் போடணும்?"

"அப்படியே எழுதிடட்டுமா?"

"எழுது! எனக்கென்ன பயமா?"

வீட்டுக்கு வந்து எழுதினாள். வியாழக்கிழமை பேசலாம், நேரம் சொல்லுங்கள், விண்ணப்பிக்கிறேன். கடைசியில் அவர் கேள்விக்குப் பதில்: 'தன் குழாயைத் திறக்க யாரையும் கேட்கத் தேவையில்லை என்றுதான் அவர் போட்டார். எங்கள் தெருவில் இப்போது அப்படி இரண்டு பேர் இருக்கிறோம்.'